“நல்ல கண்”ணிலும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தபோது தெரிந்தது

நிலா: நான் ஆப்டோமெட்ரிஸ்ட். நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்மணிக்கு இடது கண் சில மாதங்களாக மெல்ல மெல்ல மங்கியிருந்தது. வலது கண் 6/6. வேறொரு இடத்தில் பார்வை நரம்பு அழற்சி என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கண்ணை அசைத்தால் வலி இல்லை. அழற்சியென்றால் சில நாட்களிலேயே பார்வை இறங்கி, வாரக்கணக்கில் தேறத் தொடங்கும். இவருக்கோ குறைந்துகொண்டே போனது. அதனால் இடது கண்ணை மூடி, வலது கண்ணால் என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, ஒரு சிவப்பு மூடியை வெளிப்பக்க மேல்மூலையிலிருந்து உள்ளே நகர்த்தினேன். “மங்கலா இருந்துச்சு, நடுவைத் தாண்டினதும் பளிச்சுன்னு ஆயிடுச்சு” என்றார். பார்வைப்புலத்தைக் கருவியால் அளக்கும் பெரிமெட்ரியிலும் அதேதான்: இடது கண்ணில் நடுப்பார்வை இல்லை, வலது கண்ணில் மேல் வெளிப்பகுதிக் குறை நடுக்கோட்டில் வெட்டியதுபோல் நின்றது. இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்தில் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன்.

குமரன்: நரம்புகள் குறுக்கிடும் இடத்தில் கட்டி என்றால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம்தானே போகும்? இது பொருந்தவில்லையே.

இளங்கோ: நடுவில் அழுத்தினால் நீங்கள் சொல்வது சரி. இங்கே அழுத்தம் இடது நரம்பு குறுக்குச்சந்தியில் சேரும் முன்மூலையில். வலது கண்ணின் மேல் வெளிப்பார்வை விழித்திரையின் கீழ் உள்பகுதியில் விழுகிறது. அங்கிருந்து வரும் நரம்பிழைகள் சந்தியின் முன்பக்கமாகவே எதிர்ப்புறம் கடக்கின்றன. அதனால் இடது நரம்போடு சேர்ந்து அவையும் நசுங்கும். இடது கண்ணை மட்டும் சோதித்திருந்தால் இது வெறும் நரம்புக் கோளாறாகவே தெரிந்திருக்கும்.

தாமரை: பக்கவாதத்துக்குப் பிறகு என் அப்பாவும் இடது கண் தெரியவில்லை என்கிறார். இதே கட்டியா?

இளங்கோ: ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் மறைந்தால் பாதிப்பு சந்திக்குப் பின்னால், வலது மூளைப் பக்கத்தில். பக்கவாதத்தில் அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். கண்ணாடி மாற்றினால் சரியாகாது. பார்வைப்புலச் சோதனை கேளுங்கள்.

குமரன்: அந்த இழைகள் எதிர் நரம்புக்குள் வளைந்து போய்த் திரும்புகின்றன என்று படித்தேன். வில்பிராண்ட் என்ற கண் மருத்துவர் சொன்னதாமே?

இளங்கோ: அவர் பார்த்தவை ஒரு கண் எடுக்கப்பட்டவர்களின் நரம்புகள். நரம்பு சுருங்கியதால் பக்கத்து இழைகள் உள்ளே இழுக்கப்பட்டன, இயல்பில் அந்த வளைவு கிடையாது என்று 1997-ல் ஹார்ட்டன் காட்டினார். எல்லோரும் ஏற்கவில்லை. கட்டி சந்தியையும் தொட்டுவிட்டால் வளைவு இல்லாமலே இந்தக் குறை வரும் என்பதுதான் என் கருத்து. எம்ஆர்ஐ என்ன சொன்னது, நிலா?

நிலா: பிட்யூட்டரிக்குச் சற்று முன்னால் மெனிஞ்சியோமா, அதாவது மூளை உறையில் வளரும் கட்டி. அறுவைக்குப் பிறகு வலது கண் புலம் திரும்பிவிட்டது. இடது கண் கொஞ்சம்தான் தேறியது. விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் அந்தப் பக்க நரம்பிழை அடுக்கு அறுவைக்கு முன்பே மெலிந்திருந்தது.