90 நாளா, 180 நாளா? ஸ்லைடுகளைச் சுருக்கியதில் சிக்கிக்கொண்டேன்

பாலாற்றுக்கரை:
இராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை. அபாயகரக் கழிவு விதிகள், 2016 குறித்து ஆலோசகர் தந்த 42 ஸ்லைடுகளை ஒரே பக்கமாக்கச் சொன்னார்கள். குரோமியக் கசடு பற்றி நான் எழுதிய வரி: “90 நாள் வரை வைத்திருக்கலாம், சிறு நிறுவனங்களுக்கு 180 நாள்.” மேலாளர் சிவப்பு மையால் சுழித்து, “நாம் 180 என்று நம்பிவிடுவோமே” என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தவறு?

கோட்டைவாசல்:
கோப்பு பெரிதாக இருந்தால் படங்களைச் சுருக்கிச் சேமியுங்கள். பாதியாகிவிடும்.

பாலாற்றுக்கரை:
கோப்பின் அளவு அல்ல ஐயா, வாசகத்தின் அளவு!

ஆம்பூர்க்காரன்:
எண்களை மட்டும் மாற்றாமல் எழுதினால் போதும். 90 நாளை “மூன்று மாதம்” என்று எழுதிய அனுபவம் எனக்குண்டு. ஜூலை 1-இல் தொடங்கினால் 90 நாள் செப்டம்பர் 29-இல் முடிகிறது. மூன்று மாதம் என்றால் அக்டோபர் 1. இரண்டு நாளுக்காக விளக்கக் கடிதம் எழுதினேன்.

ஈரத்தோல்:
எண் சரியாக இருந்தும் வரி தவறாகலாம், இவருடையது அதுதான். ஸ்லைடில் 90 நாள் என்பது வரம்பு. 180 என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீட்டித்துத் தரலாம் என்பது, தானாகக் கிடைப்பதில்லை. சிறு நிறுவனம் என்றால் ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு உண்டாக்குபவர். இந்த இரண்டும் உங்கள் வரியில் இல்லை. உங்கள் ஆலையில் ஆண்டுக்கு எவ்வளவு கசடு?

பாலாற்றுக்கரை:
சுமார் 14 டன்.

ஈரத்தோல்:
அப்படியானால் அந்த விலக்கு உங்களுக்கில்லை. எழுதும்போது யார், என்ன, எப்போதுக்குள், எது தவிர என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் வையுங்கள். விலக்கைக் கீழே அடிக்குறிப்பாகத் தள்ளினால் படிப்பவர் விட்டுவிடுவார். ஆங்கில ஸ்லைடில் ‘ஷல்’ வரும் இடத்தில் “வேண்டும்”, ‘மே’ வரும் இடத்தில் “லாம்”, இடம் மாறக்கூடாது. முடித்ததும் கடமைச் சொற்களை இரு பக்கமும் எண்ணிப் பாருங்கள். பிறகு ஸ்லைடைப் பார்க்காத ஒருவரிடம், “கசடு 100-ஆவது நாளாகக் கிடங்கில் இருக்கிறது, சரியா?” என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வரியைத் திருத்துங்கள்.

பாலாற்றுக்கரை:
இப்படி மாற்றினேன்: “கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆண்டுக்கு 10 டன் வரை உண்டாக்குபவர் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் வாரியம் நீட்டிப்புத் தரலாம் (ஸ்லைடு 17).” ஆனால் அதே ஸ்லைடில் “தங்கள் ஆண்டுத் திறனில் 180 நாள் வரை” என்றிருக்கிறது. நாளா, அளவா?

ஈரத்தோல்:
மூல விதியிலும் அப்படியேதான் இருக்கிறது. விளக்க முயலாமல் மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதிவிட்டு, வாரியத்திடம் கேட்க வேண்டியது என்று பக்கத்தில் குறியுங்கள். “உள்ளிட்ட சிலர்” என்பதையும் விரித்துவிடுங்கள். அது இன்னொரு ஓட்டை.

ஆம்பூர்க்காரன்:
வாரியத்துக்கு ஆண்டறிக்கை தர ஜூன் 30 கடைசி நாள் என்ற வரியில் எந்த ஆண்டு என்று எழுதினீர்களா?

பாலாற்றுக்கரை:
இல்லை. “நிதியாண்டு முடிந்து வரும் ஜூன் 30” என்று இப்போதே சேர்க்கிறேன்.