அண்ணனின் மன்னிப்புக்கு என்ன பதில் எழுதுவது?

பிச்சிப்பூ:
2023இல் கடைக்குச் சரக்கு எடுக்க வேண்டும் என்று என் நகையில் 9 பவுனை அண்ணன் வாங்கிப்போய்த் தன் பெயரில் அடகு வைத்தான். மூன்றே மாதம் என்றான். 2025 மார்ச்சில் அது ஏலத்துக்குப் போய்விட்டது. அவன் சொல்லவில்லை. மகனின் காதுகுத்துக்குப் போட்டுக்கொள்ள ஆரத்தைக் கேட்டபோது அம்மா அழுதுகொண்டே சொன்னார். நான்கு மாதமாக நாங்கள் பேசவில்லை. நேற்று இரவு அவனிடமிருந்து செய்தி: "தவறு செய்துவிட்டேன் பாப்பா. உன்னிடம் மறைத்தது அதைவிடப் பெரிய தவறு. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். அப்போதுதான் மருமகனை மடியில் வைக்க எனக்கு முகம் இருக்கும்." காதுகுத்துக்கு இன்னும் மூன்று வாரம். அவன் வேண்டாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றாது. ஆனால் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். என்ன எழுதுவது?

ஆற்றங்கரையான்:
எழுதிவிடு அம்மா. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? நம் வீடுகளில் மன்னிப்பு என்பது பேசித் தீர்க்கிற விஷயமே அல்ல. வந்தவனுக்கு இலை போட்டுச் சோறு வைத்தால் அதுதான் மன்னிப்பு. என் தகப்பனாரும் சித்தப்பாவும் வரப்புத் தகராறில் ஏழு வருடம் பேசாமல் இருந்தார்கள். ஒரு சாவு வீட்டில் சித்தப்பா பந்தலில் நின்றார். அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். அவ்வளவுதான். நீ வாயால் சொல், மனம் பின்னால் தானாக வந்து சேரும்.

கருங்குயில்:
எனக்கு அது வந்து சேரவில்லை ஐயா. என் நாத்தனார் செய்த ஒரு காரியத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்டபோது, எல்லோரும் சுற்றி நின்றதால் "பரவாயில்லை அண்ணி" என்று சொல்லிவிட்டேன். ஆறு வருடம் கழித்து ஒரு சமையலறைப் பேச்சில் அது வெடித்துக்கொண்டு வந்தது. "அன்றைக்கே பரவாயில்லை என்றாயே, இத்தனை வருடம் மனத்தில் வைத்திருந்தாயா" என்று கேட்டார். அந்த நொடியில் குற்றவாளி நானாகிவிட்டேன். பிச்சிப்பூ, பதிலே போடாதீர்கள். நீங்கள் தயாராகும் நாளில் போடுங்கள். நிபந்தனை வைத்து மன்னிப்புக் கேட்பவருக்கு உடனே பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

கல்லாப்பெட்டி:
நான் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்தவன். முதலில் பணத்தைப் பாருங்கள். எவ்வளவு கடன் வாங்கினார்? 9 பவுன் என்றால் 72 கிராம். மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் கடன் கொடுக்க அப்போது அனுமதி இல்லை. அந்த இரண்டு வருடத்தில் தங்கம் நன்றாக விலை ஏறியது. ஏலத்தில் கடனும் வட்டியும் செலவும் போக மீதி இருந்தால், அது கடன் வாங்கியவருக்குத்தான் திரும்பும். ஏலத்துக்கு முன் அறிவிப்பும் அவருக்கே போயிருக்கும். அந்த மீதியைப் பற்றிக் கேட்டீர்களா?

பிச்சிப்பூ:
3 லட்சத்துக்குள் கடன் என்று மட்டும் தெரியும். மீதிப் பணம் என்று ஒன்று உண்டு என்பதே இப்போதுதான் தெரிகிறது. நான் கேட்டது அதுவல்ல அண்ணா, இருந்தாலும் படித்ததும் கை நடுங்குகிறது.

சமரசத் திண்ணை:
குடும்ப வழக்குகளில் சமரசம் பேசும் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். கல்லாப்பெட்டி கேள்வியை மாற்றிப் புரிந்துகொண்டாலும் முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். உங்கள் அண்ணனின் செய்தியை மறுபடி படியுங்கள். தவறை ஏற்கிறார், மறைத்ததையும் ஏற்கிறார். அது சின்ன விஷயம் அல்ல, பலர் அந்த இடத்துக்கே வருவதில்லை. ஆனால் எப்படி ஈடு செய்வேன் என்று ஒரு சொல் இல்லை. அந்த இடத்தில் "மன்னித்துவிட்டேன் என்று சொல்" என்ற வேண்டுகோள் உட்கார்ந்திருக்கிறது. ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கேட்பதன் ஆறு கூறுகளை மக்களிடம் காட்டி எது எடுபடுகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பை ஏற்பது முதலில் வந்தது, ஈடு செய்ய முன்வருவது அடுத்து. மன்னிக்கும்படி கேட்பது கடைசி. உங்களுக்கு மனம் இளகாததற்குக் காரணம் உங்கள் கல்நெஞ்சு அல்ல. செய்தி பாதியில் நிற்கிறது.

அடுத்தது, அவர் இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார்: மன்னித்தாயா, நான் வரலாமா. நீங்கள் அதை அவிழ்க்க வேண்டும். வரலாமா என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லுங்கள். மன்னித்தாயா என்பதற்கு இன்றைய நிலையை மட்டும் சொல்லுங்கள். ஒரு வரைவு எழுதிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

கருங்குயில்:
அழைப்பை முதலில் வைப்பதே நடிப்புத்தானே? அவர் மடியில் பையன், சுற்றிலும் சீர்த்தட்டு, புகைப்படம். ஊர் பார்ப்பது சமாதானத்தை.

சமரசத் திண்ணை:
ஊர் பார்ப்பதற்குப் பிச்சிப்பூ பொறுப்பல்ல. அண்ணனிடம் உண்மை சொல்லியாகிவிட்டால் அங்கே பொய் இல்லை. மடி அந்தப் பையனுக்கும் மாமனுக்கும் உள்ள உறவு. தங்கையின் தீர்ப்பை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை. ஒன்று சொல்கிறேன், இது எல்லோருக்கும் பொருந்தாது. அடித்தவரோ மிரட்டுகிறவரோ மன்னிப்புக் கேட்டால் அழைப்பு முதலில் வராது, பாதுகாப்புத்தான் முதலில். இங்கே அந்த அச்சம் இல்லை என்று எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

பிச்சிப்பூ:
அந்த அச்சம் துளியும் இல்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். எழுதிப் பார்த்தேன்:

"அண்ணா, நீ மன்னிப்புக் கேட்டது எனக்குப் புரிகிறது. பரவாயில்லை. நீ காதுகுத்துக்கு வரலாம். ஆனால் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பார்க்கலாம்."

சமரசத் திண்ணை:
உண்மையாக எழுதியிருக்கிறீர்கள். சில சொற்கள் மட்டும் உங்களுக்கு எதிராக வேலை செய்கின்றன.

"பரவாயில்லை" முதலில் போகட்டும். கருங்குயிலின் ஆறு வருடக் கதை அந்த ஒரு சொல்லில் தொடங்கியது. "வரலாம்" என்பது அனுமதி, "வா" என்பது அழைப்பு. அவர் கேட்பது முகம். அனுமதி கொடுத்தால் முகம் கிடைக்காது. "ஆனால்" வந்ததும் அதற்கு முன் எழுதிய எல்லாம் அழிந்துவிடும், படிப்பவர் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார். அங்கே ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் புது வரி தொடங்குங்கள். "மன்னிக்க முடியவில்லை" என்பது கதவை அடைத்த ஒலி. நம்மிடம் "மனம் ஆறவில்லை" என்று ஒரு சொல் இருக்கிறதே! புண்ணும் ஆறும், சூடான பாலும் ஆறும். இன்னும் ஆறவில்லை என்றால் ஆறக்கூடியது என்பதும் அதற்குள் இருக்கிறது. கடைசியாக, "நேரம் வேண்டும், பார்க்கலாம்." நம் ஊரில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று பொருள். அவர் தினமும் பேசிப் பார்ப்பார், அம்மாவைத் தூது விடுவார். எப்போது மன்னிப்பேன் என்று தேதி கொடுக்காதீர்கள். எப்போது பேசுவேன் என்று மட்டும் கொடுங்கள். அதை நீங்கள் காப்பாற்ற முடியும்.

குரல்பதிவாக அனுப்பாதீர்கள். குரல் உடைந்தால் அவர் அழுகையைத்தான் கேட்பார், சொற்களைக் கேட்கமாட்டார்.

ஆற்றங்கரையான்:
எனக்கு இது ஒப்பவில்லை. "மனம் ஆறவில்லை" என்று தங்கை அண்ணனுக்கு எழுத்தில் அனுப்பினால் அது நிற்கும். பேச்சு காற்றோடு போகும், எழுத்து போகாது. நாளைக்கு அண்ணி அதைப் படிப்பாள். ரோஷக்காரன் என்றால் காதுகுத்துக்கே வரமாட்டான். அப்போது யார் மடியில் வைப்பீர்கள்?

சமரசத் திண்ணை:
நீங்கள் சொல்வது நடக்கலாம் ஐயா. அதற்கு என்னிடம் உறுதி இல்லை. ஆனால் அவர் வராமல் போனால், அழைத்த பிறகும் வராமல் இருந்தவர் அவர். உங்கள் தகப்பனார் சொம்பை நீட்ட ஏழு வருடம் எடுத்துக்கொண்டார், அதையும் நினைத்துப் பாருங்கள். இந்தப் பெண்ணுக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது.

ஆற்றங்கரையான்:
அது சரிதான். ஏழு வருடத்தில் ஒருநாளும் அப்பா பொய் சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் நேரில் போய்ச் சொல் அம்மா, எழுதாதே.

கல்லாப்பெட்டி:
மீதிப் பணத்தை இதே செய்தியில் கேட்டுவிடுங்கள். ஏலக் கணக்குத் தாளை அனுப்பச் சொல்லுங்கள். நாள் கடந்தால் செலவழிந்துவிடும்.

கருங்குயில்:
நானும் அதையே சொல்வேன். அதை மறைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் அது மன்னிப்பே இல்லை.

சமரசத் திண்ணை:
கேட்க வேண்டும், ஆனால் இதே செய்தியில் வேண்டாம் என்பது என் எண்ணம். முதல் பதிலிலேயே கணக்குக் கேட்டால், மன்னிப்புக்கு விலை பேசுவதாக அவர் எடுத்துக்கொள்ளலாம். மீதி வந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. ஏலத்தில் வந்த பணம் கடனுக்கே சரியாகப் போயிருக்கலாம். நேரில் பேசும்போது "ஏலக் கணக்கை எனக்குக் காட்டு" என்று கேட்பது குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாக இருக்கும். இதில் கல்லாப்பெட்டி என்னோடு ஒத்துப்போகமாட்டார், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பிச்சிப்பூ:
இன்று காலை இதை அனுப்பினேன்:

"அண்ணா, செய்தியைப் படித்தேன். மறைத்தது பெரிய தவறு என்று நீயே சொன்னது எனக்கு முக்கியம். காதுகுத்துக்கு வா. அவன் உன் மடியில்தான் உட்கார வேண்டும், அதற்கு நான் ஒன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.
நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை இன்று எழுதினால் அது பொய்யாக இருக்கும். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. உன்னிடம் பொய் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.
நகையைப் பற்றி உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வருகிறேன்."

சமரசத் திண்ணை:
நன்றாக இருக்கிறது. "அப்படியென்றால் எப்போதுதான் மன்னிப்பாய்" என்று கேட்டால், புதிதாக எதையும் யோசிக்காமல் இதே வரியைத் திரும்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு விளக்கம் கொடுத்தால் ஒவ்வொன்றையும் வாதிடத் தோன்றும். அம்மாவிடமும் இதே சொற்கள்தான். அம்மாவிடம் ஒன்றும் அண்ணனிடம் ஒன்றும் போனால் மாலைக்குள் மூன்றாவது ஒன்றாகத் திரும்பி வரும்.

பிச்சிப்பூ:
இரண்டு மணிநேரம் பதில் இல்லை. அதற்குள் அம்மா இருமுறை அழைத்துவிட்டார், இதே சொற்களைச் சொன்னேன். அம்மாவுக்கு வருத்தம்தான். பிறகு அவனிடமிருந்து வந்தது: "குட்டிக்குத் தோடு எடுத்தாகிவிட்டதா, நான் எடுக்கட்டுமா?"

மன்னிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பற்றியும் இல்லை.

கருங்குயில்:
தோடு எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஆற்றங்கரையான்:
எடுக்கட்டும் அம்மா. எடுக்க விடு.

பிச்சிப்பூ:
"நீயே எடு" என்று எழுதிவிட்டேன் ஐயா. தோடு தாய்மாமன் எடுப்பதுதான் முறை. கருங்குயிலின் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏலக் கணக்கைக் கேட்பேன்.