நீர்த்தால் பிரிகை மாறிலி குறையுமா?

கிண்டி மாணவி: 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் pH 2.88 வந்தது. நூறு மடங்கு நீர்த்ததும் 3.91. அயனியான அளவு 1.3 சதவீதத்திலிருந்து 12.3 ஆக ஏறியது, அது புரிகிறது. ஆனால் பிரிகை மாறிலி 1.74×10⁻⁵ இலிருந்து 1.51×10⁻⁵ ஆக இறங்கிவிட்டது. இரண்டும் 25 டிகிரியில்தான். ஏன்?

பெரம்பூர் சேகர்: மாறத்தான் செய்யும். நீர்க்க நீர்க்க அதிகம் பிரிகிறது என்றால் அமிலம் வலுப்பெறுகிறது என்றுதானே பொருள்?

ஆய்வக முத்து: வலுப்பெற்றால் மாறிலி ஏற வேண்டும் சேகர், இங்கே இறங்கியிருக்கிறது. மாறிலி மாறாது, மீட்டர்தான் தவறு. பஃபரில் மறுபடி சரிசெய்து அளக்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: மாறிலி மாறாது என்பது சரி, முத்து. பாவம், மீட்டரை ஏன் திட்டுகிறீர்கள்? அந்தப் பெண் எதால் வகுத்தார் என்று பாருங்கள். 3.91 என்றால் ஹைட்ரஜன் அயனி 0.000123 மோலார். அதன் வர்க்கத்தை 0.001 ஆல் வகுத்திருக்கிறார். அமிலத்தில் எட்டில் ஒரு பங்கு பிரிந்துபோன பின் பிரியாமல் மிஞ்சுவது 0.000877 தானே?

```
(0.000123)² / 0.000877 = 1.73 × 10⁻⁵
```

முதல் கரைசலிலும் இப்படியே கழித்தால் 1.76 வரும். அங்கே பிரிந்தது நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல் என்பதால் கழிக்காத பிழை கண்ணில் படவில்லை.

சேகருக்கு: மூலக்கூறு உடையும் வேகம் நீர்த்தலால் கூடவில்லை. உடைந்த இரண்டு துண்டுகளும் பெரிய குளத்தில் மறுபடி சந்திப்பதுதான் அரிதாகிறது. சதவீதம் ஏறும்போதே pH உம் ஏறுகிறதே, கவனித்தீர்களா? கரைசலின் புளிப்பு குறையத்தான் செய்கிறது.

மடிப்பாக்கம் இல்லத்தரசி: நானும் மகனுக்காக வீட்டு வினிகரை அதே அளவுக்கு நீர்த்துப் பார்த்தேன். மீட்டர் கிட்டத்தட்ட 7 காட்டியது! அப்படியானால் அமிலம் பிரியவே இல்லையா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: போர்வெல் தண்ணீரா அம்மா? அதிலுள்ள பைகார்பனேட் அவ்வளவு அமிலத்தையும் தின்றுவிட்டிருக்கும். அந்த அளவீட்டிலிருந்து மாறிலி கணக்கிட முடியாது. காய்ச்சி வடித்த நீரில் செய்யச் சொல்லுங்கள்.

கிண்டி மாணவி: நன்றி ஐயா, கழித்துப் போட்டதும் சரியாகிவிட்டது. மிச்சமுள்ள 1.76, 1.73 வேறுபாடு?

ஆய்வக முத்து: அது என் மீட்டர் பிழைதான்! pH இல் 0.02 தவறினாலே மாறிலி ஏறத்தாழ பத்து சதவீதம் நகரும்.

பெரம்பூர் சேகர்: அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதாலும் இருக்கலாமே? அடர்ந்த கரைசலில்தான் அவை நெருக்கமாக இருக்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இழுப்பு உண்டுதான் சேகர். ஆனால் இரண்டே அளவீடுகளை வைத்து, அதுவா மீட்டரா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 0.01 மோலாரிலும் மூன்று முறை அளந்துவிட்டு வாருங்கள்.