9 ஃபிளாட்டா, 14 ரெட்யூசிங்கா? நகைக்கடனில் எது மலிவு?

மழைத்துளி
1,20,000 ரூபாய் நகைக்கடன், 12 மாதத் தவணை. ஓரிடத்தில் 9 சதவீதம் ஃபிளாட், மாதம் 10,900 என்கிறார்கள். இன்னோரிடத்தில் 14 சதவீதம் ரெட்யூசிங், மாதம் 10,775. வட்டி அதிகமுள்ள இடத்தில் தவணை எப்படிக் குறைவாக வரும்? கணக்கில் தப்பா? எதை எடுக்கலாம்?

கடைத்தெருக்காரன்
இதற்கெல்லாம் ஒரு கேள்வியா? 9 பெரிதா 14 பெரிதா என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேட்டாலே சொல்லுமே. 9 சதவீதம் என்றால் நூற்றுக்கு மாதம் 75 பைசா வட்டி, முக்கால் வட்டிக்கு நகையை வைத்துக்கொண்டு பணம் கொடுக்க ஆள் இருக்கும்போது ஒரு வட்டிக்கும் மேலே போகிறேன் என்பது வீம்பு. தவணை குறைவாகத் தெரிவது அவர்கள் காட்டுகிற ஜாலம், ஏமாற வேண்டாம்.

பேரேடு
வந்துவிட்டார். தவணையை 12 மாதத்துக்கும் கூட்டிப் பார்க்கக்கூடச் சிரமப்படாமல் தீர்ப்பு எழுதிவிட்டார். 10,900 வீதம் 12 மாதம் கட்டினால் 1,30,800. 10,775 வீதம் கட்டினால் 1,29,300. எங்கே பணம் அதிகம் போகிறது என்பது இந்த இரண்டு வரியிலேயே இருக்கிறது, இதில் ஜாலம் ஒன்றும் இல்லை.

மழைத்துளி, கணக்கில் தப்பில்லை. ஃபிளாட்காரர் முதல் நாள் வாங்கிய 1,20,000க்கு வருடம் முழுக்க வட்டி போடுகிறார், அது மாதம் 900. நீங்கள் மாதாமாதம் அசலில் 10,000 திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதை அவர் கண்டுகொள்வதே இல்லை. ரெட்யூசிங்கில் அந்தந்த மாதம் மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. முதல் மாத வட்டி 1,400, கேட்க அதிகம்தான், ஆனால் கடைசி மாதத்தில் அது 125க்குள் இறங்கிவிடும்.

கடைத்தெருக்காரன்
பத்திரத்தில் 9 என்று எழுதியிருக்கிறதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். 9 என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அது எப்படி 14ஐ விட அதிகமாகும்?

பேரேடு
எழுதியிருப்பது 9, வாங்குவது வேறு. பன்னிரண்டாவது மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் இவர் கையில் மிச்சமிருக்கும் கடன் 10,000. அதற்கு அந்த ஒரு மாதத்துக்கு வாங்கும் வட்டி 900. நூற்றுக்கு மாதம் 9 ரூபாய். இவர் கடைத்தெருவில் அப்படி வட்டி வாங்குகிறவனுக்கு என்ன பெயர் என்று இவரே சொல்லட்டும்.

முழு வருடத்துக்கும் சேர்த்து உண்மை விகிதம் என்ன என்று பார்க்க விரும்புகிறவர்கள் எக்செல் திறந்து ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=RATE(12,-10900,120000)*12
```

0.162 என்று வரும். அதாவது 16.2 சதவீதம். 14ஐ விட அதிகம்தானே? அல்லது இதற்கும் ஒரு பள்ளிப் பிள்ளையைக் கூப்பிட வேண்டுமா?

கோலப்பொடி
பேரேடு சார் சொல்வது எனக்குப் புரியவில்லை. நான் போன வருடம் இதே 9 சதவீதத்தில்தான் நகை வைத்தேன். இடையில் ஒரு பைசா கட்டவில்லை. வருடம் முடிந்ததும் 1,20,000 அசலும் 10,800 வட்டியும் கட்டித் திருப்பிவிட்டேன். 16 எங்கிருந்து வந்தது? எனக்கு யாரும் 16 போடவில்லையே. ஆனால் நகையை எடை போடும்போது கல், அரக்கு என்று சொல்லித் தாராளமாகக் கழித்துவிட்டார்கள், அதுதான் இன்றுவரை மனதில் இருக்கிறது.

கடைத்தெருக்காரன்
கேளுங்கள் மக்களே, அனுபவப்பட்டவர் சொல்கிறார். 9 என்றால் 9 தான். எக்செல்லாம் எக்செல்.

பேரேடு
கோலப்பொடி அம்மா, உங்கள் கடனில் 9 என்பது சத்தியமாக 9 தான், ஏனென்றால் 1,20,000 முழுவதும் வருடம் பூராவும் உங்கள் கையில் இருந்தது. கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் கடனில் அசல் குறையவே இல்லை, அதனால் ஃபிளாட் என்றாலும் ரெட்யூசிங் என்றாலும் அங்கே ஒன்றுதான். மழைத்துளி அப்படி வாங்கவில்லை. இரண்டாவது மாதமே கடன் 1,10,000 ஆகிவிடும், ஏழாவது மாதம் 60,000. நீங்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒரு வருடம் வைத்திருந்ததற்குக் கொடுத்த அதே 10,800ஐ, இவர் சராசரியாக 65,000 மட்டும் வைத்திருப்பதற்குக் கொடுக்கப் போகிறார்.

நிலாமுற்றம்
சராசரி 65,000 என்றால் 10,800ஐ அதால் வகுத்தால் 16.6 வருகிறது. மேலே 16.2 என்றீர்கள். எது சரி?

பேரேடு
16.2. சராசரிக் கணக்கு கையால் போட்டுப் பார்க்கிற குறுக்குவழி. அது மாதம் 10,000 அசல் சமமாகக் கழிவதாக வைத்துக்கொள்கிறது. உண்மை விகிதத்தைப் போட்டுப் பிரித்தால் முதல் மாதங்களில் வட்டி அதிகமாகவும் அசல் குறைவாகவும் கழியும், அதனால்தான் கொஞ்சம் விலகும்.

நிலாமுற்றம்
அப்படியானால் சராசரி 65,000 என்று எழுதியிருக்கக் கூடாது. அடுத்தவருக்குப் பாடம் எடுக்கும்போது நம் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டாமா? சீட்டு பற்றிய இழையிலும் இதேதான் செய்தீர்கள், தள்ளுச் சீட்டில் கமிஷனை விட்டுவிட்டு லாபக் கணக்குப் போட்டீர்கள், நான் சொன்னதும் மூன்று நாள் பேச்சில்லை.

பேரேடு
சீட்டு இழையில் நான் பேசாமல் இருந்தது பதில் இல்லாததால் அல்ல, அங்கே பேசிப் பயனில்லை என்பதால். 16.2ஓ 16.6ஓ, 14ஐ விட இரண்டு விரல் உயரம்தான்.

கடைத்தெருக்காரன்
அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. 16.2, 16.6, நாளைக்கு 17 என்பார்கள். என் 9 மாறவே இல்லை பார்த்தீர்களா?

மழைத்துளி
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆறாவது மாதத்தில் ஒரு தொகை வர வேண்டியிருக்கிறது. வந்தால் மொத்தமாகக் கட்டி நகையைத் திருப்பிவிடுவேன். ஃபிளாட் சொன்னது ஒரு நிதி நிறுவனம், ரெட்யூசிங் சொன்னது வங்கி.

நிலாமுற்றம்
அப்படியென்றால் பேரேடு அவர்களின் முழு வருடக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஃபிளாட்டில் ஆறு மாதத்துக்கு வட்டி 900 வீதம் 5,400 கட்டியிருப்பீர்கள், மிச்ச அசல் 60,000ஐக் கட்டி முடித்துக்கொள்ளலாம். ரெட்யூசிங்கில் வட்டி முதல் பாதியிலேயே அதிகம் போய்விடும், ஆறு மாதத்தில் 6,700க்குச் சற்று மேல். ஃபிளாட்தான் லாபம்.

கடைத்தெருக்காரன்
அப்படிப் போடுங்கள்! இதைத்தானே நான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

பேரேடு
நீங்கள் இதைச் சொல்லவே இல்லை. நிலாமுற்றம் சொல்வது பாதி சரி, அந்தப் பாதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆறாவது மாதம் போய் நின்றால் வராத ஆறு மாதத்தின் வட்டியை விட்டுக்கொடுப்பார்களா? விட்டுக்கொடுத்தால் 5,400 சரி. "ஒப்பந்தம் 12 மாதத்துக்கு, மீதித் தவணை ஆறும் கட்டினால்தான் நகை" என்றால் 65,400ஐ வைத்தால்தான் நகை வெளியே வரும், ஆறு மாதக் கடனுக்கு 10,800 முழுசாகப் போகும். கவுண்டரில் இருப்பவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட்டு, கடைசியில் முழு வட்டியும் கட்டித் திருப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறாவது மாதம் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தொகையாகக் கேட்டு, காகிதத்தில் எழுதி வாங்குங்கள். முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் உண்டா என்பதையும் சேர்த்து.

இரண்டு இடத்திலும் முக்கிய விவரத் தாள் என்று ஒன்று தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் சில்லறைக் கடனுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும், கட்டணங்களும் சேர்ந்தது. ஃபிளாட், ரெட்யூசிங் என்ற பேச்செல்லாம் அந்த வரியில் செல்லாது.

கடைத்தெருக்காரன்
அடகுக்கடையில் தாளும் கிடையாது ஏபிஆரும் கிடையாது, சீட்டு ஒன்றுதான். முப்பது வருடமாக அப்படித்தான் ஊர் நடக்கிறது.

பேரேடு
கேட்டவர் அடகுக்கடைக்கே போகவில்லை. அடகுக்கடைக்கு மாநில அரசின் உரிமம், வேறு சட்டம். கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

கோலப்பொடி
எடையில் கழித்தது சரியா தப்பா என்று யாருமே சொல்லவில்லை. கல் வைத்த வளையல் அது, 4 கிராம் கழித்தார்கள்.

கடைத்தெருக்காரன்
கல்லுக்குக் கழிக்காமல் கல்லையும் தங்க விலைக்கு எடுத்துக்கொள்வார்களா அம்மா? நிகர எடைக்குத்தான் கடன்.

கோலப்பொடி
அது தெரியும். 4 கிராம் கல்லா என்பதுதான் கேள்வி. உங்களிடம் கேட்டேனா?

மழைத்துளி
தாளைக் கேட்டு வாங்கிவிட்டேன். வங்கியில் பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,800. நிதி நிறுவனத்தில் கட்டணம் எதுவும் இல்லை என்று தாளிலேயே இருக்கிறது. முன்கூட்டி முடிப்பது பற்றி மேலாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.

கடைத்தெருக்காரன்
வங்கியில் வட்டி 9,300ம் கட்டணம் 1,800ம் சேர்த்தால் 11,100. என் பக்கம் 10,800. முந்நூறு ரூபாய் மிச்சம்! 9 தான் மலிவு என்று சொன்னேனா இல்லையா? எங்கே அந்த எக்செல்?

பேரேடு
அந்த முந்நூறு 1,800 கட்டணத்தால் வந்தது, உங்கள் 9ஆல் வந்ததல்ல. கட்டணம் 1,500க்குக் கீழே இருந்திருந்தால் வங்கிதான் மலிவு. கடன் தொகை இரண்டு மடங்காக இருந்து கட்டணம் அதே 1,800 ஆக நின்றாலும் வங்கிதான் மலிவு. அதைக் கூடப் பார்க்கத் தெரியாமல் தற்செயலாகக் காய் விழுந்ததற்குக் கொண்டாட்டம்.

நிலாமுற்றம்
தற்செயலோ என்னவோ, ஆறு மாதத்தில் முடித்தால் வங்கிக் கட்டணத்தையும் சேர்த்து 8,500, ஃபிளாட்டில் 5,400. நான் சொன்னது இன்னும் நிற்கிறது.

பேரேடு
மேலாளர் பதில் வரட்டும், அது 5,400ஆ 10,800ஆ என்று பார்ப்போம். சீட்டு இழையிலும் இப்படித்தான் பாதித் தகவலோடு குதித்தீர்கள்.

நிலாமுற்றம்
கமிஷனை விட்டது யார்?