எண்ணெய்ப் போத்தல் லேபலில் எதை எழுதலாம்?

வணக்கம். ஹட்டனில் வீட்டிலேயே செவ்வரத்தம்பூவும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தலை எண்ணெய் விற்கிறேன். "ஒரே மாதத்தில் முடி உதிர்வு முற்றாக நிற்கும்" என்று லேபல் அச்சிடக் கொடுத்திருந்தேன். அதற்கு என்னிடமிருந்த ஒரே ஆதாரம், பிள்ளை பெற்று நான்காம் மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டிய முடி என் எண்ணெயைப் பூசிய பிறகு நின்றதாகச் சொன்ன பக்கத்து லயத்து அக்காதான். பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்றுவிடும் என்று மருத்துவமாது விளக்கியதும் அச்சை நிறுத்திவிட்டேன். அக்கா பொய் சொல்லவில்லை; எண்ணெய்தான் காரணம் என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

இப்போது "முடியை மிருதுவாக்கும், சிக்கெடுக்க இலகுவாக்கும்" என்று மட்டும் போட எண்ணுகிறேன். அதை வாங்குபவர் ஒரு தடவை பூசியதும் தாமே பார்த்துக்கொள்ளலாம். "உதிர்வைக் குறைக்க உதவும்" என்று எழுதினால் (வீட்டுக்காரருக்கு அதுதான் பிடித்திருக்கிறது) அதுவும் நிரூபிக்க முடியாத வாக்குறுதிதானே? லேபல் எழுதிப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.