புதுப்பிப்பு: வருமானவரி நோட்டீசுக்குப் பதில் போட்டாச்சு

"சங்கத்து ரிட்டர்ன் அக்டோபர் 31க்குள் போடவில்லை. வரிவிலக்குக்கான 12AB பதிவின் புதுப்பிப்பும் நிலுவை. கணக்குக் கேட்டு நோட்டீஸ், என்ன செய்ய?" நவம்பரில் நான் கேட்டது.

பொருளாளர் அண்ணாச்சி, "புதுப்பிப்பு வரட்டும், அப்புறம் ரிட்டர்ன் போடலாம்" என்றார். பாளையங்கோட்டை ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் தனித்தனி, டிசம்பர் 31 தாண்டினால் அந்த ஆண்டு விலக்கே போய்விடுமாம். உடனே 10BB படிவத்தில் தணிக்கை அறிக்கை, பிறகு ITR-7 ரிட்டர்ன் ஏற்றினோம்.

பதிலில் தாமதத்தை மறைக்கவில்லை. கணக்கு, செயல்பாட்டுக் குறிப்பு, ITR-7 ஒப்புகை, 10AB புதுப்பிப்பு விண்ணப்பத்தின் ஒப்புகை இணைத்தோம். 10BB செப்டம்பர் 30க்கே போயிருக்க வேண்டியது. அதற்கு ஆணையரிடம் தாமத மன்னிப்பு மனு தனியாக.

என் கேள்விக்கு அம்பாசமுத்திரத்து நண்பர் ஒருவர் பதிலாகச் சொன்னது சங்கப் பதிவாளர் அனுப்பும் நோட்டீஸ் பற்றி, அது வேறு கதை. மனுவுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை.