புதுப்பிப்பு: மண்டபம் கருவாட்டுப் பாக்கி

நான் முன்பு கேட்டது: "எனக்குக் கருவாட்டுப் பாக்கி தர வேண்டிய மண்டபம் வியாபாரி தவணைக்கு ஒரு காரணம் சொல்கிறார். நம்பலாமா?"

வாட்ஸ்அப்பில் அவர் எழுதிய தேதி, தொகை, காரணத்தை அவர் வார்த்தையிலேயே வரிசையாக எழுதினேன். மே மாதம், "போட் கடலுக்குப் போயிருக்கு, வந்ததும் தர்றேன்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அதனால் பொய்தான் என்றார் ஒரு தம்பி. பாம்பன் அண்ணன் திருத்தினார்: "தடை விசைப்படகுக்கு, நாட்டுப்படகு போகும். எந்தப் படகுன்னு கேளுங்க." கேட்டேன். வியாபாரி விசைப்படகு என்றே எழுதினார். அந்தக் காரணம் நிற்கவில்லை.

மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் எல்லாச் செய்தியிலும் ஒரே தேதியோடு வருகிறது. அதை நான் சந்தேகிக்கவில்லை. சீட்டுப் பணம் போன அக்கா, உடனே போலீசுக்குப் போகச் சொல்கிறார். ஆனால் அதற்கு முன் தொகை தெளிவாக வேண்டும்: மார்ச்சில் 42,000 பாக்கி என்று ஒப்புக்கொண்ட வியாபாரி, ஜூனில் 30,000 என்கிறார். நடுவில் பணம் எதுவும் வரவில்லை. அந்த 12,000 எந்தத் தேதியில், யார் கையில் கொடுத்தார் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் இல்லை.